பாதி வழியில் நிற்கும் கேற்

கேற் பாதியில் நிற்குது என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "நிற்கும்போது மோட்டர் உறுமுதா, சத்தமே இல்லையா?" பெரும்பாலானவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். அப்படியென்றால் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்து, காதை மோட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுச் சொல்லச் சொல்வேன். எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும், எந்தச் சாமானைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதைப் பாதிக்கு மேல் அந்தப் பதிலே தீர்த்துவிடும்.

உறுமல் கேட்டால் மின்சாரம் மோட்டருக்குப் போகிறது, ஆனால் மோட்டரால் சுற்ற முடியவில்லை. ஒன்றில் கப்பாசிற்றர் தளர்ந்திருக்கிறது, அல்லது கேற்றே எங்கேயோ இறுகி நிற்கிறது. சத்தமில்லாமல் நின்றால் மின்சாரமே மோட்டருக்குப் போகவில்லை. கட்டுப்பாட்டு போர்ட் அதை வெட்டியிருக்கிறது, அல்லது மோட்டருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு வெட்டியிருக்கிறது. போர்ட் வெட்டுவதற்கு இரண்டு வழமையான காரணங்கள் உண்டு. ஒன்று, கேற் எல்லைக்கு வந்துவிட்டது என்று லிமிற் சுவிட்ச் பொய் சொல்வது. மற்றது, குறுக்கே ஏதோ நிற்கிறது என்று ஒளிக்கண் சொல்வது.

ஒரு கவனம். தடை உணரும் வசதியுள்ள போர்டுகள் மோட்டர் திணறியதும் ஓரிரு வினாடியில் வெட்டிவிடும். அதனால் உறுமல் மிகக் குறுகியதாக இருக்கலாம். தூரத்தில் நின்று றிமோட்டை அமர்த்துபவருக்கு அது கேட்காது. பக்கத்தில் நின்றே ஆக வேண்டும்.

சத்தமில்லாமல் நின்றதென்றால் உடனேயே எதிர்த் திசைக்கு ஓட்டிப் பாருங்கள். பூட்டும்போது நின்ற கேற், திறக்கச் சொன்னதும் தயங்காமல் திறந்து, மறுபடி பூட்டச் சொன்னால் அசையாமல் நின்றால், ஒளிக்கண்ணை எதுவும் மறைக்கவில்லை என்று பார்த்துவிட்டு, பூட்டும் பக்கத்து லிமிற் சுவிட்சின் மேல் கையை வைக்கலாம். இரண்டு திசைக்கும் ஓடாமல், இருபது நிமிடம் கழித்துத் தானாக ஓடத் தொடங்கினால் வெப்பப் பாதுகாப்பு விழுந்து ஆறியிருக்கிறது. அது நோயல்ல, நோயின் விளைவு. மோட்டர் ஏன் அவ்வளவு சூடானது என்று தேடப் போனால் பெரும்பாலும் கப்பாசிற்றரிடமே திரும்பி வருவோம்.

இந்த அத்தியாயம் 230 வோல்ட் மோட்டர்களைப் பற்றியது. சூரியப் படலிலோ பற்றரியிலோ ஓடும் 24 வோல்ட் மோட்டர்களில் இந்த வகைக் கப்பாசிற்றர் கிடையாது. அவற்றுக்கு லிமிற் சுவிட்ச் பகுதி மட்டும் பொருந்தும்.

உப்புவெளியில் ஒரு கேற்

திருகோணமலையில் கப்பாசிற்றர், லிமிற் சுவிட்ச் என்ற இந்த இரண்டு பழுதுக்கும் இரண்டு காற்றுகள் பொறுப்பு என்று சொல்லலாம். நகரத்துக்கு ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த வங்கக் கடல். ஐப்பசி தொடங்கித் தை வரை வீசும் வாடை, கடலிலிருந்து உப்பையும் ஈரத்தையும் கொண்டுவந்து சுவிட்சுகளின் வாய்க்குள் வைத்துவிட்டுப் போகும். வைகாசிக்குப் பிறகு தரைப் பக்கமிருந்து வரும் கச்சான் காய்ந்த காற்று. அது வெப்பத்தையும் மணலையும் கொண்டுவரும். மோட்டரையும் கப்பாசிற்றரையும் வாட்டும். வாடையில் வந்த பழுது கச்சானில் வந்த பழுதோடு சேர்ந்துகொள்ளும்போதுதான் திருத்துபவர் குழம்பிப்போவார். நான் இங்கே விவரிக்கும் கேற் அப்படிப்பட்டது.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புவெளியில் ஒரு வீடு. நாலு மீற்றர் அகலம், ஆறடி உயரம், முழுவதும் தகரம் அடைத்த ஸ்லைடிங் கேற். எடை 350 கிலோ அளவில் இருக்கும். ஆவணி மாதம். காலையில் ஒழுங்காகத் திறந்து பூட்டும் கேற், மதியத்துக்குப் பிறகு பூட்டும்போது முக்கால்வாசி வந்து நின்றுவிடுகிறது. முதலில் வந்த ஒருவர் றிமோட்டை மாற்றியிருக்கிறார். பிறகு வந்தவர், போர்ட் போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்று விலை சொல்லியிருக்கிறார். "தம்பி, போர்ட் வாங்கத்தான் வேணுமா? ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார்.

பெட்டியைத் திறக்கவில்லை. மோட்டருக்குரிய சாவியைத் திருப்பிப் பல்லுச் சில்லை விடுவித்து, கேற்றைக் கையால் தள்ளிப் பார்த்தேன். இதைச் செய்யாமல் எந்த மோட்டரையும் திறக்கக் கூடாது. கேற் இறுகியிருந்தால் புதுக் கப்பாசிற்றர் போட்டும் பயனில்லை. போட்ட அன்று ஓடும், பிறகு மோட்டர் சுருளே கருகும். என் பையில் மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசு ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் கேற்றில் கொளுவி மெதுவாக இழுத்தால், நகர்த்த எவ்வளவு பலம் வேண்டும் என்று முள்ளே காட்டும். சில்லுகளும் பேரிங்குகளும் நல்ல நிலையில் இருந்தால் கேற்றின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் நகர வேண்டும். 350 கிலோவுக்குப் பத்து, பதினொரு கிலோ. அன்றைக்குப் பதினொன்று காட்டியது. தண்டவாளத்தில் மணல் இருந்த ஓரிடத்தில் பதினைந்துக்கு ஏறி இறங்கியது. மணலைக் கூட்டித் தள்ளியதும் அதுவும் சரி. கேற்றில் பொருத்திய பல்லுச் சட்டத்துக்கும் மோட்டரின் பல்லுச் சில்லுக்கும் இடையில் ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளி நீளம் முழுவதும் இருந்தது. சில்லுகள் தேய்ந்து கேற் இறங்கினால் இந்த இடைவெளி இல்லாமல் போய், கேற்றின் எடை மோட்டரின் மேலேயே ஏறும். அப்படியான கேற் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

சாவியைப் பழையபடி பூட்டி ஓட்டினேன். முக்கால்வாசி வந்து கேற் மெதுவாகி நின்றது. உறுமல் கேட்டது. கையால் சற்றுத் தள்ளிவிட்டதும் மிச்சத் தூரத்தை ஓடி முடித்தது. மூன்றாம் தடவை ஓட்டியபோது நடுவில் நின்றது. தள்ளியும் ஓடவில்லை, சத்தமும் இல்லை. மோட்டர் உடம்பில் கை வைக்க முடியாத சூடு. வெப்பப் பாதுகாப்பு விழுந்திருந்தது. தள்ளிவிட்டால் ஓடுகிற மோட்டர் என்றால் கப்பாசிற்றரைத்தான் பார்க்க வேண்டும்.

கப்பாசிற்றர் என்ன செய்கிறது

இந்த மோட்டரில் ஒரேமாதிரியான இரண்டு சுருள்கள் இருக்கின்றன. வெளியே வருவது மூன்று வயர்: ஒன்று பொது, மற்ற இரண்டும் திறக்கவும் பூட்டவும். அந்த இரண்டுக்கும் குறுக்கே கப்பாசிற்றர். ஒரு சுருளுக்கு மின்சாரம் நேராகப் போகும்போது மற்றதற்குக் கப்பாசிற்றர் வழியாகச் சற்று முந்திப் போகிறது. அந்த நேர வித்தியாசம்தான் காந்தப்புலத்தைச் சுழல வைக்கிறது. எந்தச் சுருளுக்கு நேராகக் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து திசை மாறும். கப்பாசிற்றர் அடியோடு போய்விட்டால் மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கம் ஓடும். பாதி தளர்ந்திருந்தால் ஓடும், ஆனால் பலமில்லாமல் ஓடும். வழியில் சிறு மணல், சிறு காற்று வந்தாலும் நின்றுவிடும்.

காலையில் ஓடியது மதியம் நின்றதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. தகரம் அடைத்த கேற் காற்றுக்கு ஒரு கப்பற்பாய் போல. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் கச்சான் நேராக அடித்தால், இந்த அளவு கேற்றைப் பக்கவாட்டில் 50 கிலோ அளவு பலத்தோடு வழிகாட்டி உருளைகள் மேல் அழுத்தும். அதோடு மதியத்தில் வீட்டுக்கு வந்த மின்னழுத்தம் 214 வோல்ட். இலங்கையில் 230 வோல்ட்டிலிருந்து நூற்றுக்கு ஆறு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது விதி; 214 அந்தக் கீழ் எல்லைக்கும் சற்றுக் கீழே. மோட்டரின் பலம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறைவதால், வோல்ட்டில் ஏழு பங்கு குறைந்தால் பலத்தில் பதின்மூன்று பங்கு குறையும். நல்ல கப்பாசிற்றர் இருந்தால் இவ்வளவையும் மோட்டர் தாங்கும்.

மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி அதில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிட்டு வந்தேன். மூடியைக் கழற்றி, மீற்றரால் உள்ளே மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கையை வைத்தேன். கப்பாசிற்றர் வெள்ளைப் பிளாஸ்டிக் உருளையாக, இரண்டு வயரோடு மோட்டரின் பக்கத்தில் இருக்கும். அதன் சார்ஜை இறக்க வேண்டும். உண்மையில் வயர்கள் சரியாக இருந்தால் மோட்டர்ச் சுருள் வழியாகவே அது இறங்கிவிடும். ஆனால் ஒரு வயர் உள்ளே அறுந்திருந்தால் 300 வோல்ட்டுக்கு மேல் அதற்குள் காத்திருக்கும். அறுந்த வயரைத் தேடித்தானே நாமே வந்திருக்கிறோம். திருப்புளியால் இரண்டு முனையையும் இணைத்து வெடிக்க வைப்பது தெருவில் நடக்கும் வழக்கம். கப்பாசிற்றரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. பழைய 40 வாட் இழைக் குமிழ் ஒன்றைத் தாங்கியோடு எடுத்து, அதன் இரண்டு வயர் நுனிகளையும் இரண்டு முனையிலும் சில வினாடி பிடித்தால் போதும். எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது.

ஒரு போனில் வயர்களைப் படம் எடுத்துவிட்டு, ஒரு வயரையாவது கழற்றிய பிறகே அளக்க வேண்டும். பொருத்திய நிலையில் அளந்தால் சுருளையும் சேர்த்து மீற்றர் குழம்பும். உடம்பில் 16 மைக்ரோஃபரட், கூடக்குறைய 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. அப்படியென்றால் 15.2க்குக் கீழே போகக் கூடாது. நான் நடைமுறையில் நூற்றுக்குப் பத்து குறைந்தால் மாற்றிவிடுவேன். மீற்றர் காட்டியது 9.7.

அதே நேரத்தில் சுருள்களையும் பார்த்துவிடுவது நல்லது. பொது வயரிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஓம் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையில் இரட்டிப்பாக இருக்க வேண்டும். ஒன்று வெகுவாகக் குறைந்திருந்தால் சுருள் உள்ளே சேர்ந்திருக்கிறது, கப்பாசிற்றர் மாற்றிப் பயனில்லை. மோட்டர் சூடாக இருக்கும்போது பொது வயரிலிருந்து எதுவுமே காட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், வெப்பப் பாதுகாப்பு இன்னும் திறந்திருக்கிறது. ஆறிய பிறகு அளக்க வேண்டும்.

அந்தக் கப்பாசிற்றரில் "10,000 மணித்தியாலம்" என்ற பொருள்படும் பீ வகுப்பு அச்சிட்டிருந்தது. வீட்டுக்காரர் நியாயமாகவே கேட்டார்: "ஆறு வருசந்தானே, அதுக்குள்ள எப்படிப் போகும்?" கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்கு இருபது தடவை, தடவைக்கு இருபது வினாடி என்றால் வருடத்துக்கு நாற்பது மணித்தியாலம்தான் வருகிறது. ஓடித் தேய்ந்ததல்ல. இந்த வகைக் கப்பாசிற்றர் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சைச் சுற்றிச் செய்தது. வயர் நுழையும் வாயிலிருக்கும் அடைப்பு வெயிலில் வெடித்தால் ஈரம் உள்ளே போய் அந்தப் பூச்சைத் தின்னத் தொடங்கும். பூச்சு போகப் போக அளவு குறையும். அதனால் புதுசு வாங்கும்போது மணித்தியாலத்தைவிட, உடம்பில் உள்ள மூன்று எண்களைப் பாருங்கள். 40/85/21 என்று இருந்தால் 85 பாகை வரை வெப்பம் தாங்கும், ஈரச் சோதனையில் 21 நாள் நின்றது என்று பொருள். 70 பாகை வகை, வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்கு மட்டுமட்டு.

நகரத்தில் தண்ணீர் மோட்டர் சாமான் விற்கும் கடைகளில் 450 வோல்ட் வகை கிடைக்கும். பழையதிலிருந்த அளவே வேண்டும். பலம் கூடட்டும் என்று 20, 25 போட்டால் சுருளில் ஓட்டம் கூடி மோட்டர் இன்னும் சூடாகும். 16 கிடைக்காவிட்டால் இரண்டு 8ஐப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் போடலாம், கூட்டுத்தொகை 16. கறுப்பு உருளையாக வரும் தொடக்கக் கப்பாசிற்றரை மட்டும் போடவே கூடாது. அது ஓரிரு வினாடிக்கென்று செய்தது. தொடர்ந்து நின்றால் வெடிக்கும்.

புதுசைப் போட்டேன். கேற் காற்றுக்கு எதிராக ஒரே வேகத்தில் போய்ப் பூட்டியது. பத்துத் தடவை ஓட்டியும் மோட்டர் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை.

மறுநாள்

மறுநாள் காலை அந்த அம்மாவிடமிருந்து அழைப்பு. "திரும்பவும் நடுவில நிண்டிட்டுது தம்பி." உறுமுதா என்று கேட்டேன். இல்லை, பொசுக்கென்று நிற்குது என்றார். திறக்க அமர்த்தச் சொன்னேன், திறந்தது. பூட்டச் சொன்னேன், அசையவில்லை. இது வேறு பழுது. தளர்ந்த கப்பாசிற்றரின் பின்னால் இதுவரை மறைந்திருந்தது.

லிமிற் சுவிட்சுகளை இந்த இயந்திரங்களில் மூடிய நிலைச் சுவிட்சாக, அதாவது என்.சி.யாகத்தான் இணைப்பார்கள். கேற் ஓடும்போது இரண்டு சுவிட்சும் மூடியிருக்கும். எல்லைக்கு வந்ததும் பல்லுச் சட்டத்திலுள்ள சரிவுத் தகடு மோட்டரின் ஸ்பிரிங் தண்டைச் சாய்க்க, அந்தப் பக்கத்துச் சுவிட்ச் திறந்து, போர்ட் மோட்டரை வெட்டும். வயர் அறுந்தாலும் கேற் ஓடாமல் நிற்க வேண்டும் என்ற பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு. அதன் விலை என்னவென்றால், வயர் துருப்பிடித்தாலும், தொடுபுள்ளியில் உப்புப் படிந்தாலும் போர்டுக்கு அது "எல்லை வந்துவிட்டது" என்றே படும். கேற் ஓடும் அதிர்வில் அந்தத் தொடுகை கண நேரம் விட்டால் போதும்.

பெரும்பாலான போர்டுகளில் ஒவ்வொரு லிமிற்றுக்கும் ஒரு சிறு எல்.ஈ.டி. விளக்கு இருக்கும். கேற் நடுவில் நிற்கும்போது இரண்டும் எரிய வேண்டும். இங்கே பூட்டும் பக்கத்து விளக்கு அணைந்திருந்தது. சுவிட்சை விரல் நகத்தால் தட்டினேன், மின்னி மின்னி எரிந்தது. போர்டில் பழுதில்லை என்று அந்த அம்மாவுக்கு அப்போதே சொல்லிவிட்டேன்.

மெயினை அணைத்துச் சுவிட்சின் வயர்களைக் கழற்றி ஓம் அளந்தேன். நல்ல சுவிட்ச் மூடிய நிலையில் ஒரு ஓமுக்குள் அசையாமல் நிற்கும். நெம்பை அமர்த்தினால் முற்றாகத் திறக்கும். இது 3 ஓம், 40 ஓம், திறப்பு என்று அலைந்தது. சில நேரம் மீற்றர் நல்லதென்று காட்டும், போர்ட் கெட்டதென்று சொல்லும். அப்போது வயரை அசைத்து அசைத்துப் பல தடவை அளக்க வேண்டும். சுவிட்சை உடைத்துப் பார்த்தபோது வெள்ளித் தொடுபுள்ளி கறுத்திருந்தது, பக்கத்தில் செத்த எறும்புகள். நிலத்துக்கடியிலிருந்து வயர் வரும் குழாய் மோட்டரின் அடியில் திறந்தே கிடந்தது. ஈரமும் எறும்பும் வந்தது அந்த வழியாகத்தான்.

இந்தச் சுவிட்சுகள் 250 வோல்ட்டில் சில அம்பியர் ஓட்டத்தைத் தாங்கச் செய்தவை. போர்டோ 12, 24 வோல்ட்டில் மிகச் சிறிய ஓட்டத்தைத்தான் அனுப்புகிறது. பெரிய ஓட்டம் என்றால் ஒவ்வொரு தடவையும் சிறு பொறி தோன்றி வெள்ளியின் மேல் படியும் கறையை எரித்துவிடும். சிறிய ஓட்டத்துக்கு அந்தப் பலமில்லை, கறை நிலைத்துவிடும். அதனால் தொடுபுள்ளி துப்பரவாக்கும் தெளிப்பு அடித்தால் சில வாரம் ஓடும், பிறகு அதே பழுது. சிலர் உயவு எண்ணெய் தெளிப்பார்கள். அது தூசியைப் பிடித்து இன்னும் மோசமாக்கும். மாற்றுவதே சரி. தொடுபுள்ளியில் பொன் பூசிய, அடைப்பிட்ட சுவிட்ச் கிடைத்தால் அதைப் போடுங்கள். அதே அளவில், அதே நெம்போடு இருக்க வேண்டும்.

சுவிட்ச் வரும் வரை லிமிற்றின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி ஓட்டலாமா என்று கேட்பார்கள். நடுவில் நிற்கும் கேற்றை ஒரு மீற்றர் தூரம் ஓட்டிச் சோதிக்க மட்டும் நான் அப்படிச் செய்வேன், அதுவும் ஒரு கை மெயினில் இருக்க. அப்படியே விட்டுவிட்டுப் போனால் எல்லையில் நிறுத்த ஒன்றுமில்லை. தண்டவாளத்தின் முனையில் இரும்புத் தடுப்புக் கட்டையும் இல்லாவிட்டால், 350 கிலோ கேற் தூணை விட்டு வெளியே ஓடிச் சாய்ந்து விழும்.

காந்த வகை லிமிற் உள்ள மோட்டர்களில் ஸ்பிரிங் தண்டுக்குப் பதிலாகப் பல்லுச் சட்டத்தில் இரண்டு காந்தங்கள் பூட்டியிருக்கும். அங்கே பார்க்க வேண்டியது காந்தம் தளர்ந்து நகர்ந்திருக்கிறதா, உணரிக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் தடிப்புக்கு மேல் விலகியிருக்கிறதா என்பதைத்தான். இடது வலது மாறிப் பூட்டியிருந்தால் கேற் எல்லையில் நிற்காது. மோட்டர் திசையை மாற்ற இரண்டு வயரை இடம் மாற்றியவர்கள் லிமிற் வயர்களை மாற்ற மறந்தாலும் இதே கதைதான். முதல் ஓட்டத்தில் கேற் எல்லையைத் தாண்டி இடிக்கும்.

புதுச் சுவிட்ச் போட்டு, குழாய் வாயைச் சிலிக்கோனால் அடைத்து ஓட்டினேன். இப்போது கேற் பூட்டும் பக்கத்துத் தூணில் இடித்தது. தளர்ந்த கப்பாசிற்றரோடு ஓடிய காலத்தில் லிமிற் வெட்டியதும் கேற் அங்கேயே நின்றுவிடும். அதற்கேற்றபடி, கேற் தூணுக்கு மிகக் கிட்ட வந்த பிறகே வெட்டும்படி யாரோ சரிவுத் தகட்டை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். முழுப் பலத்தோடு ஓடும் மோட்டர் வெட்டிய பிறகும் சில சென்ரிமீற்றர் உருளும். தகட்டைத் தளர்த்தி, கேற் தூணுக்கு மூன்று நாலு சென்ரிமீற்றர் முன்னால் நிற்கும்படி நகர்த்திப் பூட்டினேன்.

போர்டை மூடப் போகும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. தடை உணரும் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு கடைசி வரை திருப்பியிருந்தது. கேற் நிற்கிறது என்று வந்தவர்களில் ஒருவர், தடையை உணராமல் தள்ளிக்கொண்டு போகட்டும் என்று செய்த வேலை. பலமில்லாத மோட்டருக்கு அது பெரிய ஆபத்தாக இருக்கவில்லை. புதுக் கப்பாசிற்றரோடு அப்படியே விட்டால், இடையில் ஒரு பிள்ளை நின்றாலும் கேற் தள்ளிக்கொண்டே போகும். திருகைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் திருப்பினேன். கேற் பூட்டிக்கொண்டு வரும்போது ஓரத்தில் நின்று, நுனியை உள்ளங்கையால் உறுதியாகப் பிடித்துத் தடுத்தேன். நாலாவது தடவை அது நின்று, திரும்பித் திறந்தது. அந்த இடத்தில் திருகுக்கு மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு மூடியைப் பூட்டினேன்.